முழு எண்ணாக்கிய சதவீதங்களின் கூட்டுத்தொகை 101 வருகிறது: எந்த வரியைத் திருத்துவது?

கேள்வி
எங்கள் நூலகத்தில் எந்த வகை நூல்களை விரும்புகிறீர்கள் என்று 70 வாசகர்களிடம் கேட்டோம். நாவல் 25, வரலாறு 18, சிறுவர் நூல் 12, கவிதை 9, அறிவியல் 6 எனப் பதில்கள் வந்தன. சதவீதங்களை முழு எண்ணாக்கினால் 36, 26, 17, 13, 9 கிடைக்கின்றன, கூட்டினால் 101. பைத்தானில் எழுதிய பட்டியல் இது. 100 வரும்படி எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 1
மிகுதியாக உள்ள ஒன்றை மிகப் பெரிய வரியில் கழித்துவிடுங்கள். நாவல் 35 ஆகும். பெரிய எண்ணில் ஒன்று குறைந்தால் எவருக்கும் தெரியாது.

மறுமொழி 2
கூட்டுத்தொகை சரியாகும், ஆனால் 35.71 என்ற மதிப்பு 35 என்று தெரியும். வரிகள் கூடினால் இது மோசமாகும். எட்டு வரிகளும் தலா 12.5 என்றால், விரிதாளில் ROUND எல்லாவற்றையும் 13 ஆக்கி 104 தரும். அந்த நான்கையும் ஒரே வரியில் கழித்தால் அது 9 ஆகிவிடும்.

முதலில் எல்லாவற்றையும் கீழ்நோக்கி முழு எண்ணாக்குங்கள்: 35, 25, 17, 12, 8. கூட்டினால் 97, மீதம் மூன்று. தசமப் பகுதி எவற்றில் பெரியதோ அவற்றுக்கு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கவிதைக்கு .857, நாவலுக்கும் வரலாற்றுக்கும் .714 என்பதால் அம்மூன்றும் ஒன்று பெறும்; .571 உள்ள அறிவியல் 8 ஆகவே நிற்கும். முடிவு 36, 26, 17, 13, 8. எந்த வரியும் தன் உண்மை மதிப்பிலிருந்து ஒன்று அல்லது அதற்கு மேல் விலகாது.

```
def pct(v):
    t = sum(v)
    p = [x*100//t for x in v]
    s = sorted(range(len(v)), key=lambda i: -(v[i]*100 % t))
    for i in s[:100 - sum(p)]:
        p[i] += 1
    return p
```

முழு எண்களிலேயே கணக்கிடுவது முக்கியம். `0.29*100` பைத்தானில் 28.999999999999996 என்று வருவதால் கீழ்நோக்கினால் 28 ஆகிவிடும். பதில்களே இல்லாதபோது `t` சுழியமாகும் என்பதையும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3
ஒரு தசம இடம் காட்டினால் இவ்வளவு வேலையே வேண்டாமே? 35.7, 25.7, 17.1, 12.9, 8.6 கூட்டினால் சரியாக 100.0. நான் 1000 ரூபாயை மூவருக்குப் பிரிக்கும்போதும் இப்படித்தான் பைசா வரை காட்டுகிறேன்.

மறுமொழி 2
இந்தப் பட்டியலில் அப்படி அமைந்துவிட்டது. உங்கள் ரூபாய்க் கணக்கிலேயே 333.33 மூன்று முறை சேர்ந்தால் 999.99 தான், ஒரு பைசா எங்கே? அங்கும் பைசாக்களை முழு எண்ணாக வைத்து இதே முறையில்தான் பிரிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்
நன்றி, 100 வருகிறது. ஆனால் எட்டு வரிகளும் சமமாக இருந்தால் நான்கு 13 ஆகவும் நான்கு 12 ஆகவும் தெரிகின்றனவே? ஒரே அளவு வாக்கு பெற்றவை வேறுபட்டுத் தெரிவதை வாசகர்கள் ஏற்பார்களா?

மறுமொழி 2
முழு எண்களில் அதற்கு வழியில்லை. `sorted` சமமானவற்றின் வரிசையைக் கலைக்காது என்பதால் பட்டியலில் முன்னால் உள்ளவைக்கே ஒன்று கூடும். பக்கத்தை மறுபடி திறந்தாலும் எண்கள் மாறாது என்பது மட்டுமே உறுதி. பக்கத்திலேயே வாக்கு எண்ணிக்கையையும் காட்டுங்கள்.

மறுமொழி 4
எனக்கு இதில் உடன்பாடில்லை. சமமான இரண்டைச் சமமற்றவையாகக் காட்டுவதைவிட, "முழு எண்ணாக்கியதால் கூட்டுத்தொகை 100 ஆக அமையாமல் போகலாம்" என்று அடிக்குறிப்பு இட்டு, 101 என்றே விட்டுவிடுவது நேர்மையானது.