அட்டப்பாடியில் ஆறு மாதக் களப்பணி: பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி?

ஆனைகட்டிக்காரன்: முழுநேர முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்குகிறேன். பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில். ஆய்வு அட்டப்பாடி இருளர் ஊர்களின் ராகி, சாமை சாகுபடி பற்றியது. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கேயே தங்க வேண்டும். நீண்ட விடுப்புக் கேட்டுப் பதிவாளருக்கு எழுத வேண்டும். என்னென்ன எழுதணும்?

வேலந்தாவளத்தான்: எதுக்குங்க விண்ணப்பம்? களப்பணி ஆய்வோட பாகம்தானே. கைடு சரின்னு சொன்னா கிளம்பிப் போயிருங்க. எழுதிக் கொடுத்தாத்தான் நூறு கேள்வி வரும்.

கோழிப்பாறை: முதல் பாதி சரி, பின்பாதி ஆபத்து. ஜே.ஆர்.எஃப். விதிப்படி ஆண்டுக்குப் பொது விடுமுறை போக 30 நாள்தான் விடுப்பு. ஆறு மாதம் "விடுப்பு" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், கணக்குப் பிரிவு 30 நாளைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு உதவித்தொகையை நிறுத்தப் பார்க்கும். வாய்ச் சம்மதத்தோடு போனாலும் சிக்கல்தான். உதவித்தொகை தொடர மாதாமாதம் பல்கலைக்கழகம் உறுதி செய்ய வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஜூன் முழுக்கக் காலியாக இருந்தால் யார் கையெழுத்துப் போடுவார்?

அதனால் விடுப்புக் கேட்காதீர்கள், களப்பணி அனுமதி கேளுங்கள். பொருள் வரி இப்படி இருக்கட்டும்:

"பொருள்: முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாக, பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் 01.06 முதல் 30.11 வரை களப்பணி மேற்கொள்ள அனுமதி வேண்டுதல்."

முதல் பத்தியில் பதிவு எண், பதிவு செய்த தேதி, தலைப்பு. அடுத்து, ஏன் தொடர்ந்து ஆறு மாதம் என்பது. இங்கேதான் பலர் "தரவு சேகரிக்க" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். விதைப்பு, களையெடுப்பு, காவல், அறுவடை என்று எந்த மாதம் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என எழுதினால், "மூணு மாசம் போதாதா?" என்ற கேள்வி எழாது. கடைசிப் பத்தியில், மாத இறுதியில் களப்பணி அறிக்கையை நெறியாளருக்கு அனுப்புவேன், அதன் பேரில் வருகைச் சான்று வழங்க வேண்டுகிறேன் என்று ஒரு வரி. உதவித்தொகையைக் காப்பது அந்த வரிதான்.

மீனாட்சிபுரம்: நான் பள்ளி ஆசிரியர், பகுதிநேர ஆய்வு. எனக்கும் இதே பொருள் வரி போதுமா?

கோழிப்பாறை: உங்களுக்கு விடுப்புத் தர வேண்டியது பள்ளி நிர்வாகம், பல்கலைக்கழகம் இல்லை. அது வேறு விண்ணப்பம்; தனி இழையாகக் கேளுங்கள்.

கஞ்சிக்கோட்டுக்காரி: கோழிப்பாறை சொல்றது காகிதத்துல அழகா இருக்கு. பல அலுவலகத்துல விடுப்புப் படிவம் ஒண்ணுதான் இருக்கு. புது மாதிரிக் கடிதம் போனா, "இதுக்கு முன்மாதிரி இருக்கா?"ன்னு கேட்டுக் கோப்பு மேசையிலயே தூங்கும். அதுக்குள்ள விதைப்பே முடிஞ்சிரும். ரெண்டு தவணையா மூணு மூணு மாசம் கேட்டா, துறைத் தலைவர் மட்டத்துலயே முடியலாம்.

கோழிப்பாறை: தவணை உங்கள் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. ஆனால் இரண்டாவது தவணை அறுவடைக்கு முன்னால் மறுக்கப்பட்டால் ஆய்வு பாதியில் நிற்குமே. படிவம் ஒன்றுதான் என்றால் அதையே நிரப்புங்கள். "விடுப்பின் தன்மை" என்ற இடத்தில் "ஆய்வுக் களப்பணி, இணைப்புக் கடிதம் காண்க" என்று எழுதுங்கள். இன்னொன்று: யு.ஜி.சி. 2022 விதிப்படி ஒவ்வொரு கல்விப் பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் வர வேண்டும். உங்கள் ஆறு மாதத்துக்குள் ஒரு கூட்டம் விழும். "அதற்கு நேரில் வருவேன்" என்று நீங்களே எழுதிவிட்டால் ஒரு ஆட்சேபம் குறையும். முனைவர் பட்டத்தை முடிப்பதற்கான ஆறாண்டு உச்சவரம்பு இந்த மாதங்களையும் சேர்த்தே ஓடும், அதையும் மறக்க வேண்டாம்.

வேலந்தாவளத்தான்: சரி, எழுதறதாவே இருக்கட்டும். அட்டப்பாடி அகளியில இருக்கற பழங்குடியினர் வளர்ச்சித் துறையோட ஐ.டி.டி.பி. ஆபீஸ்ல அனுமதி வாங்காம ஊருக்குள்ள போக முடியாதே. அவங்க பல்கலைக்கழகக் கடிதம் கேட்பாங்க, பல்கலைக்கழகம் அவங்க கடிதம் கேட்கும். எது முதல்ல?

கோழிப்பாறை: நல்ல கேள்வி, நிறையப் பேர் மாட்டுவது இங்கேதான். துறைத் தலைவரிடம் ஒரு அறிமுகக் கடிதம் மட்டும் முதலில் வாங்குங்கள். அதற்குப் பதிவாளர் வரை போக வேண்டியதில்லை. அதை வைத்து பழங்குடியினர் வளர்ச்சித் துறையில் மனுப் போட்டு, ரசீதை வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். "அனுமதி கிடைக்கும் வரை ஊர்களுக்குள் நுழைய மாட்டேன்" என்ற உறுதிமொழியும் வேண்டும். காட்டுக்குள் இருக்கும் குறும்பர் ஊர்களுக்கும் போவதானால் வனத்துறை அனுமதி தனி. இருளர் ஊர் மட்டும் என்றால் ஊர்ப் பெயர்களைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கஞ்சிக்கோட்டுக்காரி: விடுதி அறையைக் காலி பண்ணிட்டுப் போறவருக்கு வீட்டு வாடகைப்படி வருமா?

கோழிப்பாறை: விடுதியில் இருக்கும்வரை கிடையாது. காலி செய்து அகளியில் வாடகைக்கு இருந்தால் கேட்கலாம் என்பது என் கட்சி. தணிக்கையில் ஏற்பார்களா என்பது வேறு.

கஞ்சிக்கோட்டுக்காரி: ஏற்க மாட்டாங்க. பணி இடம் பல்கலைக்கழகம்தான்னு சொல்லுவாங்க.

ஆனைகட்டிக்காரன்: அறையை விடாமலே வைத்துக்கொள்கிறேன். அறிமுகக் கடிதத்துக்கு நாளைக்கே துறைத் தலைவரைப் பார்க்கிறேன். நெறியாளர் கையெழுத்து விண்ணப்பத்திலேயே போதுமா, தனிப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமா?

கோழிப்பாறை: தனியாக வாங்குங்கள். மாத வருகைச் சான்று நான் தருகிறேன் என்று அவர் அதில் எழுத வேண்டும்.