மாவு பொங்கவில்லையா, பொங்கி அடங்கிவிட்டதா?

வணக்கம். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. நேற்று இரவு 8 மணிக்கு அரைத்து, உப்பு போட்டுக் கையால் கரைத்து வைத்தேன். முதல் படம் இன்று காலை 6 மணிக்கு எடுத்தது. மேலே குமிழ் நிறைய இருக்கிறது. ஆனால் கிரைண்டரில் உளுந்து பொங்க அரைத்தாலே குமிழ் வருமே, அதை மட்டும் நம்ப முடியவில்லை.

பாத்திரத்தில் மாட்டிய ரப்பர் பேண்ட், இரவு மாவு நின்ற மட்டம். இப்போது அதற்கு மேல் ஒரு விரல் அளவுதான். ஆனால் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இன்னும் நாலு விரல் உயரத்தில், உள்சுவரைச் சுற்றி மாவு காய்ந்த வளையம் தெரிகிறது. சென்னை வெக்கையில் நடுராத்திரியே பொங்கி அடங்கிவிட்டதோ? கரைக்கும்போது தெறித்திருந்தால் திட்டுத்திட்டாகத்தானே இருக்கும்?

படத்தில் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். புளிப்பு வாசனை தூக்கலாக அடிக்கிறது. கரண்டியில் அள்ளினால் பொதபொதவென்று விழாமல் ஒழுகுகிறது. ஒரு ஈடு ஊற்றினேன். இட்லி தட்டையாக வந்தது, அடியில் பிசுபிசுப்பு வேறு.

நேரம் கூடிப்போனதா, தண்ணீர் கூடிப்போனதா? மீதியைத் தோசைக்கு வைத்துக்கொள்கிறேன். அடுத்த முறை எத்தனை மணிக்கு ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்கலாம், சொல்லுங்கள்.