வேலையை விட்ட மாலையில் என் சொந்தக் கைபேசி முழுவதும் அழிக்கப்பட்டது: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

கிண்டிப் பயணி

மூன்று மாதங்கள் ஆகியும் மனம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பணி விடுவிப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு கிண்டியில் மின்சார ரயிலுக்காகக் காத்திருந்தபோது, கையிலிருந்த கைபேசி ஒருமுறை அதிர்ந்து, திரை இருண்டு, தானாகவே அணைந்து எழுந்தது. முகப்பில் இருந்த மகளின் படத்தைக் காணவில்லை. கடையில் வாங்கிய அன்று பார்த்த, எந்த மொழி வேண்டும் என்று கேட்கும் திரைதான் நின்றது. அலுவலக மின்னஞ்சலை மட்டுமே நீக்குவார்கள் என்று நம்பியிருந்தேன். படங்களில் பெரும்பாலானவை கூகுள் கணக்கிலிருந்து திரும்பிவிட்டன. மறைந்த என் அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் திரும்பவில்லை. என் பணத்தில் வாங்கிய கைபேசியை அழிக்கும் உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

நெசவூர்க்காரன்

நிறுவனத்தால் அப்படிச் செய்யவே முடியாது. என் கைபேசியில் அலுவலகச் செயலிகள் கைப்பெட்டிச் சின்னத்துடன் தனிப் பகுதியில் இருந்தன. நான் வேலை மாறியபோது அந்தப் பகுதி மட்டுமே மறைந்தது, ஒரு படம்கூடப் போகவில்லை. உங்கள் கைபேசியில் வேறு ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும். ஒருவேளை அவர்களே அழித்திருந்தால், 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களுக்கு இழப்பீடு கிடைக்கும்.

சர்வர் அறை

மேலே எழுதிய நண்பர் தம் கைபேசிக்கு உண்மையானதை எல்லோருக்கும் பொருத்துகிறார். நான் பல ஆண்டுகள் மைக்ரோசாஃப்டின் அலுவலக மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சை நிர்வகித்தவன்; இந்த ஆணையை நானே அனுப்பியிருக்கிறேன், ஒருமுறை தவறான கைபேசிக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கைபேசியின் சொந்தக்காரர் தொலைபேசியில் அழைத்து, "சார், என் குழந்தையின் முதல் பிறந்தநாள் படமெல்லாம் அதில்தான் இருந்தது" என்று சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

கைபேசியோடு வரும் மின்னஞ்சல் செயலியில் அலுவலகக் கணக்கைச் சேர்க்கும்போது, அந்தச் செயலியைக் கைபேசியைக் கட்டுப்படுத்தும் கருவி நிர்வாகியாக்க ஒப்புதல் கேட்கும் திரை ஒன்று வரும். அதன் பட்டியலில் `Erase all data` என்ற வரியும் இருக்கும். மின்னஞ்சல் வர வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். அதன்பிறகு அலுவலக சர்வரின் நிர்வாகி `Clear-MobileDevice` என்ற ஆணையைக் கொடுத்தால், கைபேசி அடுத்த முறை சர்வரோடு பேசும்போது முழுவதும் அழிந்துவிடும். `-AccountOnly` என்று சேர்த்துக் கொடுத்தால் அலுவலகக் கணக்கு மட்டுமே போகும், ஆனால் கைபேசியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஆக்டிவ்சிங்க்கின் 16.1 பதிப்பு தெரிந்த செயலிகளில்தான் அது பலிக்கும். அவுட்லுக் செயலியில் மட்டும் கணக்கை வைத்திருந்தால், அந்தச் செயலிக்குள் இருப்பது மட்டுமே அழியும்.

இந்த வழியில் இணைத்த நிறுவனத்தால் உங்கள் படங்களையோ வாட்ஸ்அப்பையோ பார்க்க முடியாது. கைபேசியின் மாதிரி, கடைசியாக இணைந்த நேரம் போன்றவைதான் எங்களுக்குத் தெரியும். பார்க்க முடியாததை அழிக்க மட்டும் முடிகிறது என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

கேட்காமலே ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். அழிப்பாணையை நிர்வாகி ரத்து செய்யாமலோ, கருவியைச் சர்வரின் கருவிப் பட்டியலிலிருந்து நீக்காமலோ விட்டுவிட்டால், அதே கைபேசியில் அதே கணக்கை மறுபடி சேர்க்கும்போது அது மீண்டும் அழியும். வேலையை விடுபவர்கள், மேலாளரிடம் சொல்லிவிட்டு, கணக்கைத் தாங்களே முன்கூட்டி நீக்கிவிடுங்கள். கணக்கு இல்லாத கைபேசிக்கு அந்த ஆணை வந்து சேராது. இழப்பீட்டைப் பற்றி: அந்தச் சட்டத்தின்கீழ் விதிக்கப்படும் தண்டத்தொகை அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது.

இரு பிள்ளைகளின் தாய்

நிர்வாகி ஆணை அனுப்பினால்தான் அழியும் என்பதுபோல எழுதுகிறீர்கள். என் கைபேசியை யாரும் அழிக்கவில்லை. நான் சமையலறையில் இருந்தபோது, நான்கு வயது மகன் கட்டிலில் உட்கார்ந்து பூட்டுத் திரையில் எண்களை மாற்றி மாற்றி அழுத்தியிருக்கிறான். "அம்மா, போன் தூங்கிடுச்சு" என்று அவன் நீட்டியபோது எல்லாமே போய்விட்டிருந்தது. எட்டு முறை தவறினால் அழிந்துவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலகம் வைத்த விதி என்பது பிறகுதான் தெரிந்தது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த எண்ணிக்கையையாவது முதலில் சொல்லியிருக்க வேண்டாமா?

சர்வர் அறை

நீங்கள் சொல்வது சரி, அதை நான் விட்டுவிட்டேன். அந்த எண்ணிக்கையை நிறுவனம்தான் தீர்மானிக்கிறது.

நெசவூர்க்காரன்

முழுவதும் அழிக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒப்புதல் திரையில் ஒரு தொடுதலை, அப்பாவின் குரலை அழிப்பதற்கான சம்மதமாக எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிண்டிப் பயணி

சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட தாள்களைத் தேடி எடுத்தேன். "கருவியில் உள்ள தரவை நிறுவனம் அழிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. யாருடைய தரவு என்று அதில் இல்லை. அழிப்பு கோரப்பட்ட நேரம் சர்வரில் பதிவாகியிருக்குமா, அதை நான் கேட்டுப் பெற முடியுமா?

சர்வர் அறை

நிர்வாகி `Get-MobileDeviceStatistics` என்ற ஆணையைக் கொடுத்தால் காட்டும் விவரங்களில் `DeviceWipeRequestTime` என்ற நேரம் இருக்கும். அவர்கள் உங்கள் கருவியைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்குள் எழுத்தில் கேளுங்கள்.

கிண்டிப் பயணி

இன்று காலை மனிதவளத் துறைக்கு எழுதிவிட்டேன். யார் அனுப்பினார்கள், எத்தனை மணிக்கு, கணக்கை மட்டும் நீக்கும் வழியை ஏன் எடுக்கவில்லை என்ற மூன்றை மட்டுமே கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.