புதுப்பிப்பு: மின்னூலில் எழுத்துரு காணாமல் போன கதை

“எழுத்துருவை ஈபப் மின்னூல் கோப்புக்குள் சேர்த்துவிட்டேன். கணினியில் சரியாக வருகிறது, படிக்கும் கருவிகளில் மட்டும் வேறு எழுத்து வருகிறது. ஏன்?” என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

காரணம் கிடைத்துவிட்டது. கருவியின் அமைப்பில் ‘பதிப்பாளர் எழுத்துரு’வைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன நண்பர் பாதி சரி. ஒரு கருவி வாசகர் தேர்ந்த எழுத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதை மாற்றியும் எழுத்து வரவில்லை.

விடையைத் தொட்டவர் நூல் வடிவமைக்கும் ஓர் அக்கா. “`META-INF/encryption.xml` இருக்கிறதா பார்” என்றார். இருந்தது. நான் பயன்படுத்திய மென்பொருள் எழுத்துருவை மறைகுறியாக்கியிருந்தது: கோப்பின் முதல் 1040 பைட்டுகளை, நூலின் அடையாள எண்ணிலிருந்து உருவாக்கிய சாவியால் மாற்றிவிடும். அப்புறம் நான் ஐஎஸ்பிஎன் வந்ததும், நூலின் விவரங்கள் இருக்கும் `content.opf` கோப்பில் அந்த எண்ணைக் கையால் திருத்தினேன். சாவி பொருந்தவில்லை. கருவி எழுத்துருவைத் திறக்க முடியாமல், பிழை எதுவும் சொல்லாமல், தன்னுடையதைப் போட்டுக்கொண்டது. கணினியில் சரியாக வந்ததற்குக் காரணம், அதே எழுத்துரு அங்கே நிறுவப்பட்டிருந்ததுதான்!

எழுத்துரு திறந்த உரிமத்தில் இருப்பதால் மறைகுறியாக்கமே வேண்டாம் என்று, அசல் கோப்பைத் திரும்ப வைத்து, `encryption.xml` கோப்பில் அதற்கான பதிவை நீக்கினேன். இரண்டு கருவிகளில் சரியாகிவிட்டது. மூன்றாவது, பழையது, இன்னும் கேட்கவில்லை. அதில் பதிப்பாளர் எழுத்துருவுக்கான தேர்வே கண்ணில் படவில்லை.