புதுப்பிப்பு: அம்மாவின் கைநாட்டும் நொத்தாரிசும்

என் பழைய கேள்வி: "அம்மாவால் நடக்க ஏலாது. காணி உறுதியில் வீட்டிலேயே கைநாட்டு வாங்கி வந்தால் நொத்தாரிசு ஒப்பமிடுவாரா? அவருக்கு எத்தனை வருஷ அனுபவம் வேணும்?"

நேற்று முடிந்தது. அட்டன் நொத்தாரிசு, "தாளைத் தூக்கிட்டுப் போகாதீங்க, நானே லயத்துக்கு வாறேன்" என்றார். அம்மா, இரண்டு சாட்சிகள், அவர், நால்வரும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் இருக்கணுமாம். அவருக்கு அம்மாவைத் தெரியாது. அதனால் அம்மாவை நன்கு தெரிந்த சாட்சிகளைத்தான் கேட்டார். சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, முழு உறுதியையும் வாசித்து விளக்கிய பிறகுதான் மைப்பெட்டியைத் திறந்தார். இடையில் அம்மா இரண்டு தடவை "வேலி எங்கே?" என்று கேட்டார்.

நொத்தாரிசுக்குப் பத்து வருஷத் தொழில் வேணும் என்ற தம்பிக்கு: அது இந்தியக் கணக்கு. இங்கே இலங்கையில் சட்டத்தரணியாக இருந்து நொத்தாரிசுக்கான ஆணைப்பத்திரம் பெறணும். இத்தனை வருஷத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் அந்தப் பத்திரம் குறிப்பிட்ட எல்லைக்கும் மொழிக்கும் மட்டுமே.

பெயர்ப் பிழை பற்றிக் கேட்ட அக்கா, உங்களுக்குத் தேவை சத்தியக் கடதாசி. அதற்குச் சமாதான நீதவான் போதும்.

காணிப் பதிவகத்தில் பதிவு இன்னும் வரவில்லை. வரைபட இலக்கத்தில் ஓர் எண் இடிக்கிறது.