புதுப்பிப்பு: பிரேக் ஈவன் கணக்கு தயார்

“அடக்கவிலை விரிவுரை முழுக்கச் சூத்திரம்தான். ஒரே கணக்காக, வரைபடத்தோடு எப்படி மாற்றுவது?” என்று கேட்டிருந்தேன்.

இட்லி மாவுக் கடையை எடுத்துக்கொண்டேன். பாக்கெட் விலை ₹40, மாறும் செலவு ₹24, மாத நிலைச்செலவு ₹32,000. பாக்கெட்டுக்கு ₹16 மிஞ்சுவதால் 2,000 பாக்கெட்டில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

மொத்தச் செலவுக் கோட்டை ₹32,000இல் தொடங்கச் சொன்ன அடக்கவிலைக் கணக்காளருக்கு நன்றி. விற்பனைக் கோடு பூஜ்யத்தில் தொடங்கி, ₹80,000இல் அதை வெட்டுகிறது. அந்த இடத்தில் மாணவர்களே விரல் வைக்கிறார்கள்.

விற்பனை எவ்வளவு குறைந்தாலும் நட்டம் வராது என்று காட்டும் பாதுகாப்பு எல்லைக்கு, பிரேக் ஈவன் அளவை மொத்தத் திறனிலிருந்து கழிக்கச் சொன்னார் ஒருவர். கழிப்பது சரி, ஆனால் உண்மையான விற்பனையிலிருந்துதான். 2,500 விற்றால் 500, அதாவது 20%. லாபம் ₹8,000.

மெஸ் நடத்துபவர் கேட்ட பல பொருள் கணக்குக்கு, அந்தப் பொருள்கள் எந்த விகிதத்தில் விற்கின்றன என்ற விற்பனை விகிதம் வேண்டும். அது மாதாமாதம் மாறினால்? இன்னும் யோசிக்கிறேன்.