"இதெல்லாம் நீங்களே செய்ததா, தம்பி?"

கும்பகோணம், வடிவமைப்பாளர்:

மாப்பிள்ளை, வாடிக்கையாளரிடம் காட்டும் வேலைத் தொகுப்பில் பல பாணி கலந்திருப்பது குறையா என்று கேட்டிருந்தாய். உன் தொகுப்பை இரண்டு முறை பார்த்தேன். பல பாணி இருப்பது குறையே இல்லை. ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தெரியவில்லை, அதுதான் குறை.

எனக்கும் இது நடந்தது. 40 வேலைகளைத் தேதி வரிசையில் அடுக்கி, மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை முதலாளியிடம் காட்டினேன். கல்யாணப் பத்திரிகை, அடுத்து கும்பாபிஷேக நோட்டீஸ், அடுத்து குழந்தைகள் புத்தகத்து யானை. பாதியிலேயே நிறுத்தி, "இதெல்லாம் நீங்களே செய்ததா, தம்பி?" என்றார். வேலை கிடைக்கவில்லை.

பிறகு 11 வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். முதலில் 25 கிலோ அரிசிப் பை. இரண்டே நிறம், தடித்த கோடு. அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. நெய்த பிளாஸ்டிக் பையில் ஒவ்வொரு நிறத்தையும் தனி பிளேட் வைத்து அச்சிடுவார்கள். ஒன்று துளி நகர்ந்தாலும் நிறங்களுக்கு நடுவே வெள்ளை இடுக்கு விழும். மெல்லிய கோடு நெசவின் மேடுபள்ளத்தில் அறுந்துபோகும். நான் முதலில் வரைந்த நெற்கதிர், மீசையெல்லாம் உதிர்ந்து கம்பளிப்பூச்சியாக அச்சாகி வந்தது! அந்தப் பையின் படத்தையும் திருத்திய பையின் படத்தையும் அருகருகே வைத்து, கீழே காரணத்தை இரண்டு வரியில் எழுதினேன். அடுத்த பக்கத்தில் பட்டுக்கடை அட்டைப்பெட்டி, முழுக்க மெல்லிய கோடு. பாணி மாறியதைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்டதில்லை.

உன்னிடம் இருப்பவற்றில் யாருக்காக, எதில் அச்சிடச் செய்தாய் என்று சொல்ல முடியாதவற்றை எடுத்துவிடு. பாதி போய்விடும் என்று நினைக்கிறேன்.

மயிலாடுதுறை, புத்தக ஓவியர்:

நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 16 பக்கக் கதையில் முதல் பக்கத்துச் சிறுமிதான் கடைசிப் பக்கத்திலும் வர வேண்டும். மூன்று விதமாக வரைந்து காட்டியதால் ஒரு புத்தகம் என் கையை விட்டுப் போயிற்று. யாராக இருந்தாலும் ஒரே பாணிதான் நல்லது.

திருவாரூர், அச்சகம்:

பல பாணி என்றால் எழுத்துருவைத்தானே சொல்கிறீர்கள்? ஒரு நோட்டீஸில் இரண்டுக்கு மேல் வேண்டாம். எழுத்தை அவுட்லைனாக மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் எங்கள் கணினியில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று நிற்கிறது.

கும்பகோணம், வடிவமைப்பாளர்:

அச்சகத்து அண்ணன் சொல்வது வேறு வழக்கு, ஆனாலும் உண்மை. ஓவியர் சொல்வது ஓவியத்துக்குச் சரி. அங்கே உங்கள் கையைத்தான் வாங்குகிறார்கள். பைக்கும் பெட்டிக்கும் அது பொருந்தாது.

கேள்வி கேட்ட நண்பர்:

நான் இரண்டும் செய்கிறேனே. இரண்டு தொகுப்பாகப் பிரித்துவிடட்டுமா?

கும்பகோணம், வடிவமைப்பாளர்:

நானும் பிரித்துத்தான் வைத்திருந்தேன். போன மாதம் ஒரு வெல்ல வியாபாரி அந்த யானையைப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் வடிவமைக்கச் சொன்னார். யானையை எங்கே கட்டுவதென்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.